மீதி நேரத்துக்குச் சதவீதம் ஒண்ணே போதுமா?

பள்ளத்தூர் சேது

டவுன்லோட் முடிய எவ்வளவு நேரம் ஆகும்னு காட்ட இந்த ஒரு வரி போதும். சதவீதம்தான் கையிலயே இருக்கே, பைட் கணக்கை ஏன் தூக்கிச் சுமக்கணும்? இதுக்கு இருபது வரி எழுதுறவங்க வேலை இல்லாம எழுதுறாங்க.

```
eta = elapsed * (100 - p) / p
```

காரைக்குடி வயிரவன்

கையில இருக்குற அந்த p முழு எண். அங்கதான் எல்லாம் கெட்டுப்போகுது.

5000 எம்பி ஃபைல், நொடிக்கு 1 எம்பி, வேகம் கொஞ்சம்கூட மாறலைன்னு வச்சுக்குங்க. ஒரு சதவீதம்னா 50 எம்பி. முதல் 49 நொடியும் p பூஜ்யம், வகுக்கவே முடியாது. 50ஆவது நொடியில p ஒண்ணு, 4950 நொடி மீதின்னு சரியாக் காட்டும். அதுக்கப்புறம் elapsed மட்டும் ஏறும், p ஒண்ணுலயே நிக்கும். 99ஆவது நொடியில 9801 காட்டும், அதாவது ரெண்டே முக்கால் மணி நேரம். அடுத்த நொடி p ரெண்டாகும், 4900க்கு விழும். லைன்ல ஒரு குறையும் இல்லை, திரையில மட்டும் ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல காணாமப் போகுது.

கடைசிப் பக்கம் வந்தாலும் விடாது. 80 சதவீதத்துல 1000 நொடின்னு காட்டிட்டு, குறையிறதுக்குப் பதிலா 1012 வரைக்கும் ஏறிட்டு, 81 வந்ததும் 950க்குக் குதிக்கும். மீதி நேரம் ஏறி ஏறி விழுந்துச்சுன்னா, முழு எண் p-யில கணக்குப் போட்டிருக்காங்கன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம்.

பள்ளத்தூர் சேது

p-யைத் தசமத்தோட எடுத்தா இந்தக் கதை எதுவும் இல்லையே. மீதி பைட்டைச் சராசரி வேகத்தால வகுத்தாலும் என் வரியாலயே போட்டாலும் விடை ஒண்ணுதான். குறுக்குப் பெருக்கிப் பாருங்க, தெரியும். போன தடவையும் இப்படித்தான், 32 பிட்ல நூறால பெருக்கினா நிரம்பி வழியும்னு நாலு நாள் இழுத்தீங்க.

காரைக்குடி வயிரவன்

அது வழியத்தான் செய்யும். குறி உள்ள 32 பிட் எண்ணுல 21 எம்பி தாண்டி கொஞ்ச தூரத்துலயே சதவீதம் மைனஸ்ல போகும். அன்னைக்கும் நீங்க ஒத்துக்கலை, இன்னைக்கும் ஒத்துக்கப் போறதில்லை.

நீங்க எழுதினது "கையிலயே இருக்கே"ன்னு. கையில இருக்குறது திரைக்காக வெட்டின முழு எண். தசமம் வேணும்னா பைட்டுக்குத்தான் போகணும். அப்புறம் சதவீதம் எதுக்கு நடுவுல?

கோட்டையூர் மீனாட்சி

சதவீதம் பத்திப் பேசுறதால கேக்குறேன். எனக்கு ஒரு பட்டியல் ஃபைல் இறக்கும்போது 340 சதவீதம் வரைக்கும் போகுது. மீதி நேரம் மைனஸ்ல வருது. p முழு எண்ணா இருக்குறதாலயா?

காரைக்குடி வயிரவன்

இல்லை ஆச்சி, அது வேற நோய். சர்வர் ஜிசிப்ல சுருக்கி அனுப்புது. `Content-Length` சொல்றது சுருக்கின அளவு. நீங்க எண்றது விரிச்சதுக்கு அப்புறம் வர்ற பைட். எழுத்து மட்டுமே உள்ள ஃபைல் மூணு நாலு மடங்கு விரியும், அதனாலதான் 340. விரிக்கிறதுக்கு முன்னாடி வர்ற பைட்டை எண்ணுங்க. அது முடியலைன்னா, கோரிக்கையில `Accept-Encoding: identity` போட்டுச் சுருக்காம அனுப்பச் சொல்லுங்க.

தேவகோட்டை அழகு

சதவீதம் சதவீதம்னு எத்தனை தடவை? விழுக்காடுன்னு நல்ல தமிழ்ச் சொல் இருக்கு. அது கிடக்கட்டும், ரெண்டு பேருமே சராசரி வேகத்துலயே தொங்குறீங்க. கடைசி ஒரு நொடியில எவ்வளவு வந்துச்சோ அதை வச்சு வகுங்க, வேலை முடிஞ்சுது.

பள்ளத்தூர் சேது

விழுக்காடோ சதவீதமோ, p தசமத்துல இருந்தா என் வரி சரி.

காரைக்குடி வயிரவன்

தசமத்துல இருந்தாலும் சரியில்லை. ஏன்னா elapsed எப்ப தொடங்குச்சுன்னு நீங்க இன்னும் சொல்லலை.

அதே 5000 எம்பி ஃபைல். ராத்திரி 3000 வந்ததும் கரண்ட் போச்சு. காலையில விட்ட இடத்துலேருந்து எடுக்குறோம், அதே நொடிக்கு 1 எம்பி. ஒரு நிமிஷத்துல 3060, அதாவது 61.2 சதவீதம். உங்க வரி 38 நொடி மீதிங்கும். உண்மையில மீதி 1940 எம்பி, 32 நிமிஷம். அஞ்சு நிமிஷம் கழிச்சு உங்க வரி ரெண்டரை நிமிஷம்ங்கும், பத்து நிமிஷத்துல கிட்டத்தட்ட நாலு நிமிஷம்ங்கும். ஃபைல் வர வர மீதி நேரம் கூடுது.

காரைக்குடியிலேருந்து சென்னை போற பல்லவன்ல ஒருத்தர் திருச்சியில ஏறுறாரு. கடிகாரத்தைத் திருச்சியில ஆரம்பிச்சு, தூரத்தைக் காரைக்குடியிலேருந்து எண்ணினா, வண்டி பறக்குற மாதிரிதான் தெரியும். p-க்குள்ள ராத்திரி வந்த 3000 எம்பி இருக்கு, elapsed-க்குள்ள ராத்திரி இல்லை.

பள்ளத்தூர் சேது

ராத்திரி ஓடின நேரத்தையும் எழுதி வச்சுக் கூட்டிக்கிட்டா சரியாயிடும்.

காரைக்குடி வயிரவன்

ராத்திரி வேகமும் காலை வேகமும் ஒண்ணா இருந்தா மட்டும்.

அழகு அண்ணே, நீங்க சொல்றதுல பாதி சரி. சராசரி பழசையே பிடிச்சுக்கிட்டு இருக்கும். போன் ஹாட்ஸ்பாட்டை முகப்புல வச்சு 1000 நொடி 1 எம்பியில இறக்குறீங்க. அப்புறம் யாரோ போனை இரண்டாங்கட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க, அந்தச் சுவருக்குப் பின்னாடி 0.2 எம்பிதான் வருது. அரை நிமிஷம் கழிச்சும் சராசரி 0.98லயே நிக்கும், மீதி 68 நிமிஷம்ங்கும். உண்மை அஞ்சரை மணி நேரம். ஆனா ஒரு நொடியை மட்டும் நம்பினா, எதுவும் வராத ஒரு நொடியில பூஜ்யத்தால வகுக்கணும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும், நொடிக்கு ஒரு தடவை:

```
rate = 0.9 * rate + 0.1 * last_second
eta  = (total - got) / rate
```

முகப்பு கணக்குல இது பத்து நொடியில 0.48க்கு இறங்கும், முப்பது நொடியில 0.23. ஒரு நொடி தடுக்கினாலும் பத்துல ஒரு பங்குதான் ஆடும். rate-ஐ முதல் நொடியில வந்த அளவுலேருந்து தொடங்குங்க. பூஜ்யத்துலேருந்து தொடங்கினா ஆரம்பத்துல பத்து மடங்கு நேரம் காட்டும். இதுல சதவீதம் எங்கயும் இல்லை, பாருங்க. அது பட்டைக்கு மட்டும்.

தேவகோட்டை அழகு

ஏன் 0.1? ஏன் 0.2 இல்லை? உங்களுக்குப் பிடிச்ச எண்ணைப் போட்டுட்டு எங்களைத் தப்புங்கிறீங்க.

காரைக்குடி வயிரவன்

0.2 போடுங்க, வேகமாப் பிடிக்கும், கூடவே அதிகமா ஆடும். லைனைப் பொறுத்தது. ஆனா முழு எண் p-யில போடாதீங்க.

கோட்டையூர் மீனாட்சி

`identity` போட்டாச்சு, 340 போயிடுச்சு. இன்னொரு சர்வர்ல `Content-Length`ஏ வரலை. அங்க p எப்படி?

பள்ளத்தூர் சேது

வயிரவன் அண்ணன்கிட்டயே கேளுங்க. அவர் வரியில total எங்கேருந்து வரும்?

காரைக்குடி வயிரவன்

வராது. துண்டு துண்டா அனுப்புற சர்வர் மொத்தத்தைச் சொல்லாது. வந்த எம்பியும் வேகமும் மட்டும் காட்டணும், மீதி நேரம் காட்டவே கூடாது.

பள்ளத்தூர் சேது

அப்ப உங்க ரெண்டு வரியும் அங்க நிக்கலை. என் ஒரு வரி, p தசமத்துல இருந்தா, சரி.

காரைக்குடி வயிரவன்

காலையில எடுத்த 3060 எம்பிக்கு 38 நொடின்னு காட்டின வரியா?