புள்ளி போயிருக்கிறதா, எழுத்தே வேறா? அவசரம்

மயிலைவாசி: வணக்கம். தாத்தா பெட்டியில் இருந்த பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றைத் தட்டச்சு செய்கிறேன். ஒரு அடியில் முதல் சொல் "சோத்துக்" என்று தெரிகிறது, ஆனால் "சேர்த்துக்" என்பதில் புள்ளி தேய்ந்துபோனது போலவும் இருக்கிறது. அடுத்தது "கையைத் தூக்கி". எது சரி? நாளைக்குள் முடிக்க வேண்டும்.

கோடம்பாக்கம் பாலு: இதே தொல்லை எனக்கும். சேர் என்று அடித்தால் போனில் நடுவில் புள்ளி வட்டம் வருகிறது. எழுத்துருவை மாற்றிப் பாருங்கள், சரியாகிவிடும்.

மயிலைவாசி: சார், இது அச்சடித்த புத்தகம்.

தரமணி அக்கா: எந்த வருஷத்துப் புத்தகம்? ஈய எழுத்து கோர்த்து அடித்ததா, ஆஃப்செட்டா? மற்ற அடிகள் எப்படித் தொடங்குகின்றன? படம் எங்கே?

மயிலைவாசி: தலைப்புப் பக்கமே இல்லை, வருஷம் தெரியாது. தாள் பழுப்பாக, எழுத்து கொஞ்சம் அமுங்கியது போல இருக்கிறது. மற்ற மூன்று அடிகள் பார்த்து, வார்த்து, ஆர்த்து. படம் இரவு போடுகிறேன்.

வெண்பாப் பிரியன்: எளிது. அசை பிரித்துப் பாருங்கள், தளை தட்டினால் தெரிந்துவிடும்.

ஐயா மன்னார்: தம்பி, யாப்பு கொஞ்சம் படித்துவிட்டு வந்து பேசலாம். சேர்த்துக் என்றாலும் நேர் நேர், சோத்துக் என்றாலும் நேர் நேர். இரண்டும் தேமா. எதைத் தட்டப் போகிறது? எதுகையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெண்பாப் பிரியன்: சரி, எதுகையைப் பார்த்தாலும் பதில் வந்துவிட்டதே. மூன்று அடியிலும் இரண்டாம் எழுத்து ர், எனவே சேர்த்து.

ஐயா மன்னார்: அவ்வளவு சீக்கிரம் கதவைச் சாத்த முடியாது. ய், ர், ல், ழ் என்ற நான்கும் இடையில் ஒற்றாக வந்தாலும் எதுகை கெடாது, ஆசெதுகை என்று பெயர். பார்த்து, சோத்து இரண்டையும் எதுகையாக வைக்க அதில் இடம் உண்டு. சோத்துக்கை என்றால் வலது கை, அதையும் தூக்கலாம்.

தரமணி அக்கா: ஐயா சொல்வது சரிதான். ஆனால் யாப்புக்கு முன்னால் எழுத்தைப் பார்க்க வேண்டும். பழைய அச்சில் பல இடங்களில் ர் என்பதை அடியில் சாய்கோடு இல்லாமல், துணைக்காலின் மேல் புள்ளி வைத்தது போலவே வார்த்திருப்பார்கள். புள்ளி போனால் மிஞ்சுவது வெறும் துணைக்கால். அதனால்தான் "சேர்" அப்படியே "சோ" ஆகிவிடுகிறது, "தேர்" என்பதும் "தோ" ஆகிவிடும்.

முதலில் உங்கள் பக்கத்திலேயே புள்ளி பளிச்சென்று தெரியும் ஒரு ர் தேடுங்கள். "பார்த்து" இருக்கிறதே, அங்கே புள்ளி போயிருந்தாலும் கவலையில்லை, பா-வுக்குப் பின்னால் இன்னொரு கால் வர முடியாது, அது ர்-தான். அதில் சாய்கோடு இருந்து, உங்கள் சொல்லில் இல்லாவிட்டால் "சோ" பக்கம் சாயலாம். இரண்டிலும் இல்லாவிட்டால் வடிவத்தை வைத்து முடிவு செய்ய முடியாது.

அப்படியென்றால் இருட்டில் போன் விளக்கைத் தாளுக்குக் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்து, துணைக்கால் போலத் தெரியும் அந்தக் கோட்டுக்கு மேலே பாருங்கள். ஈய எழுத்து தாளை அமுக்கும். மை ஒட்டாத புள்ளிகூட சில சமயம் சிறு குழி விட்டிருக்கும். பக்கத்து ர்-களின் புள்ளி எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் குழி இருக்க வேண்டும். ஸ்கேனில் இது தெரியாது. குழி இல்லாவிட்டால் புள்ளியே இல்லை என்று ஆகாது. எழுத்தின் நுனி உடைந்திருந்தால் தாளைத் தொட்டிருக்காது.

அச்சுக்கோர்ப்பு ரமணி: எங்கள் அப்பா கம்பாசிட்டர். ர் தீர்ந்துபோனால் துணைக்காலையே வைத்து ஓட்டிவிடுவார்கள் என்பார். குழி தேடி என்ன பயன்?

தரமணி அக்கா: அதுவும் நடந்திருக்கலாம். அதனால்தான் இன்னொரு பிரதியும் வேண்டும். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் இப்படிப்பட்ட பழைய பாட்டுப் புத்தகங்கள் நிறைய உண்டு, ஆனால் வேறு பதிப்பாக இருந்தால் நல்லது. அதே அச்சுப் பிரதி என்றால் உடைந்த எழுத்து அதிலும் உடைந்தே இருக்கும்.

பெரம்பூர் செல்வி: எதற்கு இத்தனை பாடு? ஓலைச்சுவடியில் புள்ளியே கிடையாது, படிக்கவில்லையா?

ஐயா மன்னார்: ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும், அதனால் விட்டார்கள். இவர் கையில் இருப்பது அச்சு. இரண்டையும் குழப்பாதீர்கள் அம்மா.

பெரம்பூர் செல்வி: நான் குழப்பவில்லை. இடம் பார்த்துப் படித்தார்கள் என்கிறேன். தட்டச்சில் சேர்த்து என்று போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே.

தரமணி அக்கா: சும்மா திருத்திப் போட்டால் அடுத்தவருக்கு அச்சில் என்ன இருந்தது என்றே தெரியாது. சே[ர்]த்து என்று அடைப்பில் போடுங்கள்.

ஐயா மன்னார்: அடைப்புப் போட்டுப் போட்டுப் பாட்டைச் சல்லடை ஆக்கிவிடுவீர்கள். அடிக்குறிப்பு போதும்.

மயிலைவாசி: விளக்கு அடித்துப் பார்த்தேன். "பார்த்து"விலும் சாய்கோடு இல்லை. என் சொல்லுக்கு மேலே சின்னப் பள்ளம் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி. இப்போதைக்கு அடைப்பில் போட்டுவிட்டேன். நன்றி.

அச்சுக்கோர்ப்பு ரமணி: வலப்பக்கம் என்றால் பூச்சி வேலையாகவும் இருக்கலாம். தாளுக்குப் பின்பக்கம் ஓட்டையா, புடைப்பா?

தரமணி அக்கா: தம்பி, அந்தப் படம்?