புதுப்பிப்பு: ஆர்எஸ்-485 லைனில் மேல்மாடி சென்சார்கள் இப்போது பதில் தருகின்றன

அன்று கேட்டது: "தரைத்தள கன்ட்ரோலரிலிருந்து நான்காம் மாடி வரை 80 மீட்டர் கேட்-5 கேபிள், ஆறு சென்சார். மேலே இருக்கும் இரண்டு மட்டும் அடிக்கடி டைம்அவுட் ஆகின்றன. ஏன்?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. பவரை அணைத்துவிட்டு ஏ, பி கம்பிகளுக்கு நடுவே ஓம் அளந்து பார்க்கச் சொன்னவர் சொன்னதுதான் சரி. 21 ஓம் காட்டியது. ஒவ்வொரு மாட்யூலிலும் 120 ஓம் ரெசிஸ்டர் சால்டர் ஆகியே வருகிறது. ஆறு சென்சார், ஒரு கன்ட்ரோலர் என ஏழு ரெசிஸ்டரும் சேர்ந்து லைனை அமுக்கிவிட்டன. இரு முனைகளைத் தவிர மற்ற ஐந்தையும் கழற்றியதும் 64 ஓம். மேல்மாடி சென்சார்கள் உடனே பேசத் தொடங்கின.

வேகத்தை 9600-லிருந்து 2400-க்குக் குறைத்தும் பார்த்தேன். பிழை குறைந்தது, போகவில்லை. சிக்னல் மெலிந்திருக்கும்போது வேகத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. வைஃபைக்கு மாறியதாகச் சொன்ன நண்பரே, இங்கே மாடிக்கு மாடி கான்கிரீட், அது எடுபடாது.

எதிர்பாராத ஒன்று: அதன்பின் ஒவ்வொரு பதிலின் முன்னாலும் ஒரு குப்பை பைட் வந்தது. யாரும் பேசாத நேரத்தில் ஏ, பி இடையே வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட பூஜ்யம். கன்ட்ரோலர் பக்கம் ஏ-யிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 560 ஓம், பி-யிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொன்று போட்டேன். இப்போது 0.26 வோல்ட் நிற்கிறது, ரிசீவருக்கு 0.2 போதும். குப்பை நின்றது.

லிஃப்ட் கிளம்பும்போது மட்டும் எப்போதாவது ஒரு சிஆர்சி பிழை இன்னும் வருகிறது. கிரவுண்ட் வித்தியாசமாக இருக்கலாம். ஐசொலேட்டட் மாட்யூல் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.