நால்வர் கேட்கும் நேர்காணலில் யாரைப் பார்த்துப் பதில் சொல்வது?

மேலூர்ப் பெண்:
வேதியியல் முதுகலை முடித்திருக்கிறேன். போன வாரம் மதுரைப் பக்கத்தில் ஒரு தனியார் பால் நிறுவனத்தின் ஆய்வகப் பணிக்கு நேர்காணல். நடுவில் மேலாளர், அவருக்கு வலப்பக்கம் ஆய்வகத் தலைவர், இடப்பக்கம் கணக்கு அதிகாரி, ஓரத்தில் பேசாமல் குறிப்பெழுதிக்கொண்டே இருந்த ஒரு அம்மையார். யார் கேட்டாலும் நான் மேலாளரையே பார்த்துப் பதில் சொன்னேன்.

ஆய்வகத் தலைவர், பாலின் அடர்த்தியைப் பார்க்கும் கருவியைப் பற்றி, "லாக்டோமீட்டர் 28 காட்டுகிறது. தண்ணீர் கலக்கவில்லை என்று சொல்லிவிடலாமா?" என்றார். "சொல்லலாம்" என்றேன். "அப்படியா?" என்றார். பயந்துபோய், "இல்லை, கலந்திருக்கலாம்" என்று மாற்றினேன். "ஏன்?" என்றார். வாயடைத்துவிட்டது. வரும் செவ்வாய்க்கிழமை வேறொரு பால் நிறுவனத்தில் நேர்காணல். இதே தவறு அங்கும் நடக்கக் கூடாது.

திருமங்கலம் தம்பி:
அக்கா, மேலாளரைப் பார்த்ததில் தவறில்லை. வேலை கொடுப்பவர் அவர்தானே? மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வக அலுவலர், பரவை:
தம்பி சொல்வது பாதி சரி. கையெழுத்து மேலாளருடையது. ஆனால் நாங்கள் உட்கார்ந்த குழுக்களில் கதவு மூடியதும் மேலாளர் எங்கள் பக்கம் திரும்பி, "பெண்ணுக்கு வேலை தெரியுமா?" என்றுதான் கேட்பார். கேள்வி கேட்டவரைப் பார்க்காமல் பதில் சொன்னால், அவர் என்ன சொல்வார் என்று நினைக்கிறீர்கள்?

அம்மா, பதிலின் முதல் வாக்கியத்தைக் கேட்டவரைப் பார்த்துச் சொல்லுங்கள். விளக்கம் நீளும்போது பார்வை மற்றவர்களிடம் போகட்டும், குறிப்பெழுதும் அம்மையார் உட்பட. முடிவை மறுபடியும் கேட்டவரிடமே கொண்டுவாருங்கள். சிறிய பதிலுக்கு இந்தச் சுற்று வேண்டாம். மேசை விசிறி மாதிரி தலை திரும்பிக்கொண்டே இருந்தால் எங்களுக்கே சிரிப்பு வந்துவிடும்.

இனி அந்த "அப்படியா?". அது "தவறு" என்ற தீர்ப்பு அல்ல. சரியான பதிலுக்கும் நான் அப்படித்தான் கேட்பேன். காரணம் தெரிந்து சொன்னாரா என்று பார்க்கத்தான். நீங்கள் முதலில் சொன்னது தவறு, மாற்றியது சரி. ஆனால் காரணம் இல்லாமல் மாற்றியதால் இரண்டுமே ஊகமாகிவிட்டன. நான் எதிர்பார்த்திருப்பது இப்படி: "ஐயா, முதலில் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். தண்ணீர் சேர்த்தால் லாக்டோமீட்டர் அளவு இறங்கும். கொழுப்பை எடுத்தால் ஏறும். இரண்டையும் செய்தால் 28-லேயே நிற்கக்கூடும். அதனால் கெர்பர் முறையில் கொழுப்பும் பார்த்துத்தான் சொல்வேன்." இதற்குப் பிறகு அவர் பாலின் வெப்பநிலையைப் பற்றிக் கேட்பார். அப்படிக் கேட்டால் மகிழுங்கள், பேச்சு வளர்கிறது என்று அர்த்தம்.

உசிலம்பட்டி வாசகர்:
எனக்கும் இப்படித்தான். கைப்பேசி வழியாக நேர்காணல், நான்கு பேரும் திரையில் சிறு கட்டங்களாகத் தெரிந்தார்கள், யார் பேசுகிறார் என்றே புரியவில்லை. கடைசியில் இணைப்பும் துண்டித்துவிட்டது. மறுபடி அழைக்கச் சொல்லலாமா?

பரவை அலுவலர்:
அது வேறு சங்கதி ஐயா. அன்றே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

மேலூர்ப் பெண்:
நன்றி ஐயா. இன்னொன்று. நான் திணறிக்கொண்டிருந்தபோதே கணக்கு அதிகாரி குறுக்கிட்டு, "காலையில் நாற்பது கேன் வந்து வண்டி காத்திருந்தால் எல்லாவற்றுக்கும் இத்தனை சோதனையா?" என்றார். யாருக்கு முதலில் பதில் சொல்வது?

பரவை அலுவலர்:
கையிலிருக்கும் வாக்கியத்தை முடித்துவிட்டு, முதலில் கேட்டவரைப் பார்த்து, "இவருக்குச் சொல்லிவிட்டுத் தொடரட்டுமா ஐயா?" என்று கேளுங்கள். அனுமதி கேட்பதில் இருவருக்கும் மரியாதை இருக்கிறது. பிறகு கணக்கருக்கு வேதியியலைத் திரும்பச் சொல்லாதீர்கள். அவர் கேட்பது நேரமும் செலவும். "எல்லாக் கேனுக்கும் பால் பகுப்பாய்வுக் கருவி, கொழுப்பையும் அதுவே காட்டிவிடும். சந்தேகப்படும் கேனுக்கும் இடையிடையே சரிபார்க்கவும் மட்டும் கெர்பர்" என்றால் போதும். பிறகு விட்ட இடத்துக்கு நீங்களாகவே திரும்புங்கள். பலர் இங்கேதான் தவறவிடுகிறார்கள். ஆய்வகத் தலைவரின் கேள்வி அந்தரத்தில் தொங்கும்.

செல்லூர் அம்மா:
என் மகன் போன இடத்தில், ஒருவர் சரி என்றதை இன்னொருவர் தவறு என்று அவர்களுக்குள்ளேயே வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். இவன் யார் பக்கம் நிற்பது?

பரவை அலுவலர்:
அதற்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை அம்மா. இருவர் சொல்வதும் எந்த நிலைமையில் பொருந்தும் என்று சொல்லத் தெரிந்தால் சொல்லலாம். தெரியாவிட்டால் பேசாமல் இருப்பதே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

திருமங்கலம் தம்பி:
பேசாமல் இருந்தால் கோழை என்று நினைக்கமாட்டார்களா ஐயா? நானாக இருந்தால் துறை தெரிந்தவர் பக்கம் நிற்பேன்.

மேலூர்ப் பெண்:
நான் ஆய்வகத் தலைவர் பக்கம்தான் நிற்பேன் போலிருக்கிறது. இன்று மாலை என் சித்தியையும் சித்தப்பாவையும் எதிரே உட்காரவைத்து, ஒருவர் பேசும்போதே இன்னொருவரைக் குறுக்கிடச் சொல்லிப் பழகப்போகிறேன். சித்தப்பாவுக்குச் சொல்லியே தர வேண்டாம்.