புதுப்பிப்பு: சமூகப் பதற்றக் குழுவின் 3-ஆம் அமர்வு

“மூணாவது அமர்வுலயே பயப்படுற காரியத்தைச் செய்யச் சொல்லலாமா? ஆள் நின்னுடுவாங்களே?” என்று, நாலு பேர் முன்னால் பேசப் பயப்படும் பெரியவர்களுக்கான குழுப் பயிற்சிக் கையேட்டை எழுதும்போது முன்பு கேட்டிருந்தேன்.

ராயபுரத்தில் 6 பேருடன் செய்து பார்த்தோம். 3-ஆம் அமர்விலேயே வைத்துவிட்டேன், ஆனால் குழுவுக்குள் மட்டும்.

ஒரு தம்பிக்குப் பேசும்போது குரல் நடுங்கும், எல்லோரும் சிரிப்பார்கள் என்ற பயம். அந்த நம்பிக்கைக்கு 100-க்கு 80 போட்டார். முதல் 4 நிமிடம் தரையைப் பார்த்தபடி, ஒவ்வொரு சொல்லையும் மனசுக்குள் ஒத்திகை பார்த்துப் பேசினார். யாரும் சிரிக்கவில்லை. இருந்தும் 75-தான். “குனிஞ்சிருந்ததால தப்பிச்சேன்” என்றார். அடுத்த 4 நிமிடம் ஒத்திகை இல்லாமல், முகம் பார்த்துப் பேசினார். குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் யாரும் சிரிக்காததால் 40-க்கு இறங்கியது. அதனால் கையேட்டில் இரண்டு சுற்றையும் எழுதிவிட்டேன்.

மூச்சுப்பயிற்சி செய்துவிட்டுப் பேசட்டும் என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார். பயிற்சி நல்லதுதான். ஆனால் அந்த நேரத்தில் செய்தால் அதுவும் ‘குனிந்திருப்பது’ போல ஒரு தப்பிக்கும் வழியாகிவிடும் என்று மூத்த உளவியலாளர் அக்கா திருத்தினார். என்ன நடக்கும் என்ற கணிப்பை, பேசத் தொடங்கும் முன்பே தாளில் எழுதி வாங்கச் சொன்னதும் அவர்தான். இல்லையென்றால் பிறகு மாற்றிச் சொல்வார்களாம்.

தன் மகன் பள்ளியில் வாயே திறப்பதில்லை என்று கேட்ட அண்ணாவுக்கு: இது பெரியவர்களுக்கான கையேடு, குழந்தைகளுக்கு வேறு முறை வேண்டும்.

ஒருவர் 4-ஆம் அமர்வுக்கு வரவில்லை. அவசரப்பட்டேனா, தெரியவில்லை. அவரிடம் பேசிவிட்டு எழுதுகிறேன்.