கலைச்சொல் விவாதம்: யூடிஎஃப்-8 சரிபார்ப்பில் "மிகை" எது, "தலையிலி" எது

அனுப்புநர்: தொகுப்பாளர், குவாத்ர் போர்ன்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கோப்புச் சரிபார்ப்புக் கருவிக்கான தமிழ்ச் செய்திகளில் இரண்டு மட்டும் இன்னும் பெயரில்லாமல் நிற்கின்றன. ஒரு பைட்டு வரிசை முறையான யூடிஎஃப்-8 ஆக இருந்தால் அதைச் "செவ்வடிவம்" என்று அழைப்பதற்குச் சென்ற மாதமே எல்லோரும் இசைந்துவிட்டீர்கள். அந்தச் செவ்வடிவம் கெடும் இரண்டு வகைகளுக்குத்தான் சொல் வேண்டும். முதல் வகையில், குறைந்த பைட்டுகளில் எழுதக்கூடிய ஓர் எழுத்து தேவைக்கு மேற்பட்ட பைட்டுகளில் எழுதப்பட்டிருக்கும். இரண்டாம் வகையில், ஓர் எழுத்தின் நடுவிலோ கடைசியிலோ மட்டுமே வரத்தக்க பைட்டு, தனக்கு முன்னால் நிற்க வேண்டிய தலைப்பைட்டு இல்லாமல் வந்து நிற்கும். முதலாவதற்கு "மிகைநீள வடிவம்" என்றும், இரண்டாவதற்கு "தலையிலித் தொடர்பைட்டு" என்றும் முன்மொழிகிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அனுப்புநர்: நிரலாளர், போர்ட் லூயிஸ்

ஐயா, முதல் வகைக்குத் தனிச்சொல் தேவையில்லை என்பது என் எண்ணம். யூடிஎஃப்-8 வரிசையைச் சோதிப்பது எளிது. தலைப்பைட்டின் முன்னணி பிட்டுகள் 1110 என்றிருந்தால் அடுத்து இரண்டு தொடர்பைட்டுகள் வர வேண்டும். அவை ஒவ்வொன்றும் 10 என்ற பிட்டுகளில் தொடங்க வேண்டும். நான் எழுதிய சரிபார்ப்பி இதை மட்டுமே பார்க்கிறது. ஓராண்டாக எந்தச் சிக்கலும் எழவில்லை. தேவைக்கு மேல் ஒரு பைட்டு செலவானால் இடம்தான் வீணாகும், பொருள் மாறாது. ஜாவாவே சுழிக்குறியை C0 80 என்று இரண்டு பைட்டுகளில் எழுதுவதுண்டு. ஆகவே இதைப் பிழை என்று சொல்லாமல் எச்சரிக்கை என்று சொன்னால் போதும்.

அனுப்புநர்: பொறியாளர், டர்பன்

தம்பி சொல்வதில் பாதி சரி. பிட்டு அமைப்பைப் பார்ப்பது கட்டாயம். ஆனால் அதோடு நின்றுவிட்டால் கதவின் ஒரு பக்கத்தை மட்டும் தாழிட்டதாகும். இந்த வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்: E0 80 AF. முதல் பைட்டு 1110 என்று தொடங்குகிறது, மற்ற இரண்டும் 10 என்று தொடங்குகின்றன. உங்கள் சரிபார்ப்பி இதை ஏற்றுக்கொள்ளும். இப்போது பொருளைக் கூட்டிப் பாருங்கள். E0 தரும் நான்கு பிட்டுகள் 0000, 80 தரும் ஆறு 000000, AF தரும் ஆறு 101111. சேர்த்தால் 2F, அதாவது சாய்கோடு. ஒரே பைட்டில் எழுத வேண்டிய குறி மூன்று பைட்டு உடை உடுத்தி வந்திருக்கிறது.

இது ஏன் இடம் வீணாகும் கதை மட்டுமல்ல என்றால், பாதுகாப்புச் சோதனை பைட்டுகளைப் பார்க்கும்போது அங்கே 2F இல்லை. பின்னால் எழுத்தாக மாற்றும்போதுதான் சாய்கோடு பிறக்கிறது. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் தன் ஐஐஎஸ் வலைச் சேவையகத்துக்கு வெளியிட்ட MS00-078 அறிவிப்பு இதே வகையைச் சேர்ந்தது. முகவரியில் `..%c0%af` என்று எழுதினால் சோதனையைத் தாண்டி மேல் அடைவுகளுக்குள் போக முடிந்தது. மறு ஆண்டு பரவிய நிம்டா புழு பயன்படுத்திய வழிகளில் அதுவும் ஒன்று. 2003-இல் வந்த RFC 3629 இத்தகைய வரிசைகளை எழுத்தாக மாற்றக் கூடாது என்று கண்டிப்பாகவே சொல்கிறது. ஜாவாவின் C0 80 அதன் உள்வழக்கு. வகுப்புக் கோப்பு போன்ற இடங்களில் மட்டும் வாழும் ஒரு மாற்றுவடிவம். அதை யூடிஎஃப்-8 என்ற பெயரில் வெளியே அனுப்பினால் சரிபார்ப்பி மறுப்பதே முறை.

தமிழருக்கு இதில் ஒரு தனித் தொடர்பு உண்டு. தமிழ் எழுத்துகள் U+0B80 முதல் U+0BFF வரையுள்ள தொகுதியில் இருக்கின்றன. அவை அனைத்தும் மூன்று பைட்டுகள், அனைத்துக்கும் தலைப்பைட்டு E0. "க" என்பது E0 AE 95. மூன்று பைட்டு எழுத்துகளில் மிகை நுழையக்கூடிய தலைப்பைட்டும் E0 ஒன்றுதான். மூன்று பைட்டில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் U+0800. அது E0 A0 80. ஆகவே E0-க்குப் பின் வரும் பைட்டு A0-க்குக் குறைந்தால் அது மிகை. நம் எழுத்துகளில் அந்த இடத்தில் AE அல்லது AF மட்டுமே வரும் என்பதால், இந்தச் சோதனையைக் கடுமையாக வைத்தாலும் தமிழ் உரை ஒன்றுகூட மறுக்கப்படாது. சரிபார்ப்பியில் சேர்க்க வேண்டியது இவ்வளவுதான்:

```python
low, high = 0x80, 0xBF
if lead == 0xE0: low = 0xA0
if lead == 0xED: high = 0x9F
if lead == 0xF0: low = 0x90
if lead == 0xF4: high = 0x8F
```

இரண்டாம் பைட்டு `low`, `high` ஆகிய எல்லைகளுக்குள் இருக்க வேண்டும். E0, F0 வரிகள் மிகையைத் தடுப்பவை. மற்ற இரண்டும் வேறு காரணத்துக்காக உள்ளவை. இரண்டு பைட்டு எழுத்துகளுக்கு இது போன்ற எல்லை வேண்டாம்; C0, C1 ஆகிய இரண்டும் தலைப்பைட்டாக வந்தாலே மறுத்துவிடலாம்.

அனுப்புநர்: தமிழாசிரியை, ரோஸ் ஹில்

மிகைநீளம் என்பதைப் படித்ததும் எனக்குப் பளிச்சென்று புரிந்தது. "கொ" என்று எழுதும்போது சிலர் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக இடுகிறார்கள். சிலர் இரண்டும் சேர்ந்த ஒரே குறியை இடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் முதல் வகை நீளமாகிவிடுகிறது. மாணவர் பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை. இதைத்தானே மறுக்கச் சொல்கிறீர்கள்? நம் இலக்கணத்தில் நீட்சிக்கு "அளபெடை" என்ற அழகான பெயர் உண்டு. "பைட்டு அளபெடை" என்று வைக்கலாமே.

அனுப்புநர்: பொறியாளர், டர்பன்

அம்மா, நீங்கள் சொல்லும் தேடல் சிக்கல் உண்மையானது. ஆனால் அது வேறு தளத்தில் நிகழ்வது. கொம்பு U+0BC6, கால் U+0BBE. அவை E0 AF 86, E0 AE BE என்று ஆறு பைட்டுகளாகும். சேர்ந்த குறி U+0BCA, மூன்று பைட்டு. இரண்டுமே செவ்வடிவம்தான். அவற்றை ஒன்றாக்குவது இயல்பாக்கத்தின் வேலை. சரிபார்ப்பி அவற்றை மறுத்தால் சரியான தமிழையே மறுத்ததாகும். இங்கே பேசுவது ஒரே ஒரு குறியை எத்தனை பைட்டில் எழுதுகிறோம் என்பது பற்றி மட்டும்.

அளபெடை எனக்கும் பிடித்த சொல். ஆனால் அளபெடை இலக்கணம் ஏற்றுக்கொண்ட நீட்சி. செய்யுளில் ஓசை குறையும்போது அதை நிறைக்க வருவது. நாம் பெயரிடுவதோ எந்த இடத்திலும் ஏற்கக் கூடாத ஒன்று. அனுமதி உள்ளதன் பெயரை அனுமதி இல்லாததற்கு வைத்தால் செய்தியைப் படிப்பவர் தடுமாறுவார்.

அனுப்புநர்: தொகுப்பாளர், குவாத்ர் போர்ன்

டீச்சர் அவர்களின் கடிதம் எனக்கு ஒன்றைக் காட்டியது. நன்கு தமிழறிந்த ஒருவரே "மிகைநீளம்" என்பதை எழுத்தின் நீளமாக எடுத்துக்கொண்டார் என்றால், குறை அவரிடம் இல்லை, என் சொல்லில் இருக்கிறது. நீளுவது எழுத்து அன்று, பைட்டுகளின் எண்ணிக்கை. ஆகவே "மிகைநீள வடிவம்" என்பதைத் திரும்பப் பெற்று "மிகைப்பைட்டு வடிவம்" என்று மாற்றுகிறேன்.

அனுப்புநர்: நூலகப் பணியாளர், போர்ட் லூயிஸ்

எங்கள் கோயில் நூலகத்தின் உறுப்பினர் பட்டியலோடு நான் பட்ட பாட்டைச் சொல்லலாமா? தமிழ்ப் பெயர்கள் ஒரு கோப்பிலும், பிரெஞ்சு முகவரிகள் பழைய கணினியிலிருந்து எடுத்த இன்னொரு கோப்பிலும் இருந்தன. இரண்டையும் ஒட்டினேன். அதன்பின் கருவி ஒவ்வொரு "à" வந்த இடத்திலும் நின்றுவிட்டது. அதே பைதான் செய்தியை டர்பன் ஐயா காட்டிய வரிசையிலும் பார்த்ததால், யாரோ கோப்பில் தீங்கான எதையோ புகுத்திவிட்டதாகப் பயந்தேன்.

```
>>> b'\xe0\x80\xaf'.decode('utf-8')
UnicodeDecodeError: 'utf-8' codec can't decode byte 0xe0 in position 0: invalid continuation byte
>>> b'\xe0 P'.decode('utf-8')
UnicodeDecodeError: 'utf-8' codec can't decode byte 0xe0 in position 0: invalid continuation byte
```

அனுப்புநர்: பொறியாளர், டர்பன்

பயப்பட ஒன்றுமில்லை. பழைய லத்தீன்-1 குறியேற்றத்தில் "à" என்பது E0 என்ற ஒற்றைப் பைட்டு. யூடிஎஃப்-8 கண்ணோடு பார்த்தால் அது தமிழ் எழுத்தின் தலைப்பைட்டு. அடுத்து இடைவெளியும் "P"-யும் வந்ததால் மறுக்கப்பட்டது. ஒட்டுவதற்கு முன் முகவரிக் கோப்பை மட்டும் லத்தீன்-1 என்று படித்து மாற்றினால் தீர்ந்துவிடும். இந்தப் பிழையை நீக்கும் ஆர்வத்தில், E0 வந்தால் அடுத்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கும் நிரல் எழுதிவிடாதீர்கள். இடைவெளியும் "P"-யும் காணாமல் போகும், அங்கே மேற்கோள்குறி இருந்தால் அதுவும் போகும்.

நூலகத்தின் அனுபவம் தமிழ்ச் செய்திக்கு நல்ல பாடம். ஆங்கிலச் செய்தி இரண்டுக்கும் ஒன்றுதான், காரணமோ வேறு. முதலில் 80 தொடர்பைட்டுதான், ஆனால் மிகை. இரண்டாவதில் தொடர்பைட்டே இல்லை. நாம் மொழிபெயர்க்காமல், "மிகைப்பைட்டு வடிவம்" என்றும் "தொடர்பைட்டு வரவில்லை" என்றும் பிரித்தே எழுத வேண்டும்.

அனுப்புநர்: நிரலாளர், போர்ட் லூயிஸ்

அண்ணா, என் சரிபார்ப்பியைத் திருத்திவிட்டேன். திருத்தியபின் இரண்டாவது வகை என் நிரலிலேயே வந்தது. கோப்பை 4096 பைட்டுகளாகப் படித்தேன். இடைவெளியே இல்லாத ஒரு சோதனை உரையில் 1365 எழுத்துகள் 4095 பைட்டுகளை நிரப்ப, கடைசி இடத்தில் தனியாக ஒரு E0 நின்றது. அடுத்த துண்டு AE-யில் தொடங்கியது. முதல் துண்டு முடிவுறாமல் நின்றதாகவும், இரண்டாவது தலையில்லாமல் தொடங்கியதாகவும் கருவி சொன்னது. கோப்பில் ஒரு குறையும் இல்லை. துண்டின் கடைசி நிலையை நினைவில் வைக்காத என் நிரலில்தான் குறை. "தலையிலி" என்ற சொல் அந்த இடத்தில் சரியாகப் பொருந்தியது: தலை முந்தைய துண்டில் தங்கிவிட்டது.

அனுப்புநர்: தமிழாசிரியை, ரோஸ் ஹில்

இந்த முறை கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டேன் என்று நம்புகிறேன். E0 AE 95 95 என்று வந்தால் என்ன சொல்வீர்கள்? தலை இருக்கிறது, "க" முழுமையாகிவிட்டது. நான்காவது பைட்டுக்குத் தலை இல்லை என்பதைவிட, அது கூடுதலாக வந்தது என்பதல்லவா படிப்பவருக்கு உதவும்? இதை "உபரித் தொடர்பைட்டு" எனலாம்.

அனுப்புநர்: பொறியாளர், டர்பன்

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. சரிபார்ப்பியின் பார்வையில் இரண்டும் ஒன்றே: புதிய எழுத்து தொடங்க வேண்டிய இடத்தில் 80 முதல் BF வரையுள்ள ஒரு பைட்டு. முந்தைய எழுத்து முடிந்ததா, அல்லது கோப்பே அங்குதான் தொடங்குகிறதா என்பதை அது நினைவில் வைப்பதில்லை. வைத்தால் இரண்டு செய்தி தரலாம். ஆனால் உபரி என்று எழுதிய இடத்தில், உண்மையில் நடுவே ஒரு தலைப்பைட்டு தொலைந்திருக்கவும் கூடும். அதனால் நான் "தலையிலி"-யின் பக்கம்.

அனுப்புநர்: தொகுப்பாளர், குவாத்ர் போர்ன்

"மிகைப்பைட்டு வடிவம்" இன்று பட்டியலில் ஏறுகிறது. "தலையிலித் தொடர்பைட்டு", "உபரித் தொடர்பைட்டு" இரண்டையும் அடுத்த வெளியீடு வரை கேள்விக்குறியோடு வைக்கிறேன். அதுவரை கருவி, "எழுத்து தொடங்க வேண்டிய இடத்தில் தொடர்பைட்டு 95 உள்ளது, இடம் 3" என்று பெயர் சொல்லாமல் அறிவிக்கும். இடத்தைச் சுழியிலிருந்து எண்ணுகிறோம் என்பதை உதவிப் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன்.