முதல் டெஸ்க்டாப் அசெம்பிள் பண்றவங்களுக்கு: கேபினட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒருதடவை வெளியவே ஆன் பண்ணுங்க

மவுண்ட்ரோடு_மெக்கானிக்:
முதல் தடவை அசெம்பிள் பண்றவங்க நிறைய பேர் ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்து பார்ட்ஸ் வீட்டுக்கு வந்த உடனே கேபினட்டைப் பிரிச்சு போர்டை உள்ள முடுக்கிடுவாங்க, அப்புறம் அந்த இருட்டுக்குள்ள கையை விட்டு ப்ராசஸர், கூலர், ராம் எல்லாம் மாட்டுவாங்க, கடைசியில பட்டனை அழுத்தினா ஒண்ணும் வராது. எங்க தப்புன்னு அப்ப கண்டுபிடிக்கவே முடியாது, ஏன்னா பத்து விஷயம் ஒரே நேரத்துல புதுசு. அதனால முதல் ஆன் கேபினட்டுக்கு வெளியதான் நடக்கணும். இதை நான் ரொம்ப அழுத்தமா சொல்லுவேன்.

போன மாசம் குரோம்பேட்டைல அக்கா பையனுக்குப் பண்ணது அப்படியே சொல்றேன். ரைசன் 5 7600, பி650 போர்டு அதுவும் மைக்ரோ ஏடிஎக்ஸ் சைஸ், டிடிஆர்5 ராம் ரெண்டு குச்சி, ஒரு எம்.2 எஸ்எஸ்டி, தனி கிராபிக்ஸ் கார்டு. போர்டு வந்த அட்டைப்பெட்டியையே டேபிள்ல வச்சு அது மேல போர்டு. ஃபேனை நேரா மேல வச்சுக்கங்கப்பா, சென்னை வெயில்ல குனிஞ்சு வேலை பாக்கும்போது நெத்தி வேர்வை நேரா சாக்கெட்ல சொட்டும். இந்த சாக்கெட்ல ஊசியெல்லாம் போர்டு பக்கம்தான் இருக்கு, ஒண்ணு வளைஞ்சாலும் போர்டுக்கு ஆபத்து. ப்ராசஸர் மூலைல இருக்குற முக்கோணத்தைப் பாத்து அப்படியே விடணும், அழுத்தவே கூடாது, அழுத்துற வேலை லீவருக்கு.

அடுத்து எம்.2, அதுக்கப்புறம் ராம். ப்ராசஸர் பக்கத்துல இருந்து எண்ணினா 2வது, 4வது ஸ்லாட். பக்கத்துப் பக்கத்துல போட்டா டூயல் சேனல் போயிடும், சில போர்டு ஸ்டார்ட்டே ஆகாது. அப்புறம் கூலர். கூட வந்த கூலர்ல பேஸ்ட் அடில ஏற்கெனவே இருக்கு, இன்னொரு தடவை தடவ வேண்டாம். 4 ஸ்க்ரூவையும் எதிர் எதிர் மூலையா ரெண்டு ரெண்டு சுத்து, ஒண்ணை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது. கூலர் வயரை சிபியு ஃபேன்னு போட்டிருக்குற பின்ல சொருகணும்.

இப்ப எஸ்எம்பிஎஸ்ஸை பக்கத்துல வச்சு ரெண்டே கேபிள்: 24 பின், ப்ராசஸருக்கான 8 பின். கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், இந்த ப்ராசஸர்லயே டிஸ்ப்ளே இருக்கு. போர்டோட எச்டிஎம்ஐல மானிட்டர். பவர் பட்டன் இல்லையே, என்ன பண்றது? மேனுவல்ல ஃப்ரண்ட் பேனல் படம் பாத்து பவர் ஸ்விட்சுக்கான ரெண்டு பின்னை மட்டும் ஸ்க்ரூடிரைவர் நுனியால ஒரு செகண்ட் தொட்டு எடுத்தா போதும், ஆன் ஆயிடும்.

இங்கதான் பையன் பதறினான். கூலர் சுத்துது, மானிட்டர் கருப்பு, போர்டுல ராம் பக்கத்து லைட் எரிஞ்சுகிட்டே இருக்கு. "மாமா ராம் போச்சு, ஆஃப் பண்ணிடவா"ன்னு கேட்டான். தொடாதடான்னேன். டிடிஆர்5 முதல் தடவை ஆன் ஆகும்போது ராமைப் பழக்கப்படுத்திக்கும், சில நிமிஷம் ஸ்க்ரீன் கருப்பாதான் இருக்கும். நடுவுல ஆஃப் பண்ணா மறுபடி முதல்ல இருந்து. பத்துப் பதினஞ்சு நிமிஷம் தாண்டியும் அதே லைட்னா மட்டும் ஆஃப் பண்ணி ஒரே ஒரு குச்சியோட பாக்கலாம். எங்களுக்குக் கொஞ்ச நேரத்துல பயாஸ் வந்துடுச்சு, ராம் முழு ஜிபியும் காட்டுது, எஸ்எஸ்டி பேரும் காட்டுது. ஆஃப்.

அப்புறம்தான் கேபினட். எச்டிஎம்ஐ, யுஎஸ்பி ஓட்டைகளைச் சுத்தி வர்ற தகடு, அதான் ஐஓ ஷீல்டு, தனியா வந்தா முதல்ல அதை உள்ள இருந்து தட்டி மாட்டணும், அதை மறந்தா போர்டு முழுசா கழட்டணும். எஸ்எம்பிஎஸ் வச்சாச்சு, ப்ராசஸரோட 8 பின் கேபிளை மேல் மூலை ஓட்டை வழியா முன்னாடியே இழுத்து வச்சாச்சு, போர்டு உட்கார்ந்தப்புறம் அங்க விரல் நுழையாது. போர்டு வச்சு ஸ்க்ரூ, கேபிள், பட்டனை அழுத்தினோம்: கூலர் ஒரு துள்ளு துள்ளிட்டு நின்னுடுச்சு. திரும்ப அழுத்தினாலும் அதே துள்ளு.

வெளிய டெஸ்ட் பண்ணலைன்னா இந்த நேரத்துல ப்ராசஸரா, ராமா, எஸ்எம்பிஎஸ்ஸான்னு கடைக்கு அலைஞ்சிருப்போம். அதெல்லாம் வேலை செய்யும்னு ஏற்கெனவே தெரியும். அப்ப கேபினட்டுக்குள்ள போனப்புறம் புதுசா வந்ததுதான் காரணம். போர்டைக் கழட்டிப் பாத்தா, கேபினட்ல கம்பெனியிலயே மாட்டி வந்த, போர்டைத் தாங்குற பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் பெரிய ஏடிஎக்ஸ் போர்டு கணக்குக்கு இருக்கு, நம்ம போர்டு சின்னது, ஓட்டையே இல்லாத இடத்துல ஒண்ணு நின்னுகிட்டு பின்பக்க சால்டரைத் தொட்டுருக்கு. ஷார்ட் ஆன உடனே எஸ்எம்பிஎஸ் தானே கட் பண்ணிடுச்சு, அதனால எதுவும் போகலை. அந்த ஒண்ணைக் கழட்டினோம், மறுபடி வச்சோம், ஓடுது. கார்டு கடைசியாதான், ஏன்னா அது உட்கார்ந்தா கீழ இருக்குற ஃப்ரண்ட் பேனல் பின், சாட்டா எல்லாம் மறைஞ்சுடும்.

தாம்பரம்_தம்பி:
செம்ம அண்ணே. ஒண்ணு சேத்துக்கறேன், அட்டைப்பெட்டியை விட போர்டு வர்ற அந்த சில்வர் கவர் மேல வச்சு ஆன் பண்றதுதான் பெஸ்ட், ஸ்டாட்டிக் வராது. அப்புறம் எல்லாருமே கார்டு இல்லாம டெஸ்ட் பண்ணா போதும், போர்டுல எச்டிஎம்ஐ இருக்குல்ல.

மவுண்ட்ரோடு_மெக்கானிக்:
தம்பி, கவர் போர்டை வச்சுக்கறதுக்கு நல்லது, கரண்ட் ஓடும்போது வேண்டாம். சிலதுல வெளிப்பக்கமே கரண்ட் கடத்தும். வெறும் அட்டை போதும். ரெண்டாவதும் பாதிதான் சரி. போர்டுல எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தாலும் படம் ப்ராசஸர்ல இருந்துதான் வரணும். இன்டெல்ல பேருக்குக் கடைசியில எஃப்னு வந்தா அதுல டிஸ்ப்ளே கிடையாது, அவங்க கார்டையும் வெளியவே கையால நேரா பிடிச்சு, அதோட பவர் கேபிளும் மாட்டித்தான் டெஸ்ட் பண்ணணும்.

அண்ணாநகர்_அகிலா:
இன்டெல் பாக்ஸ் கூலர் வச்சிருக்கவங்களுக்கு என் அனுபவம். அதுல ஸ்க்ரூ கிடையாது, 4 காலையும் அழுத்திச் சொருகணும். டக்குனு சத்தம் வந்தா மாட்டிடுச்சுன்னு நினைப்போம். போர்டைத் திருப்பிப் பாத்தேன், மூணு கால் பின்பக்கம் முழுசா எட்டிப் பாக்குது, ஒண்ணு பாதிலயே நிக்குது. ஆன் பண்ணிருந்தா ஒரு பக்கம் தூக்கிகிட்டு பயாஸ்லயே 90 டிகிரிக்கு ஏறிருக்கும். கேபினட்டுக்குள்ள மாட்டிருந்தா பின்பக்கம் இவ்வளவு சுலபமா பாத்திருக்க முடியாது, அதுக்காகவே வெளிய பண்ணுங்க.

திருவல்லிக்கேணி_வாசி:
எங்க வீடு பழைய வீடு. பிசி ஆன்ல இருக்கும்போது கேபினட்டைத் தொட்டா விரல்ல ஜிவ்வுனு இருக்கு. ஸ்டாண்ட்ஆஃப் பிரச்சனைதானா இது?

மவுண்ட்ரோடு_மெக்கானிக்:
இல்லைங்க, அது வேற. பிளக் பாயின்ட்ல எர்த் வரலை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள இருக்குற ஃபில்டர் கொஞ்சூண்டு கரண்டை கேபினட் உடம்புக்கு விடும், எர்த் இருந்தா அது மண்ணுக்குப் போயிடும், இல்லைன்னா நம்ம விரல் வழியா போகுது. மூணு பின் ஓட்டை இருக்குங்கறதால எர்த் இருக்குன்னு அர்த்தம் இல்லை, பழைய வீட்ல நிறைய இடத்துல பின்னாடி வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் வச்சுப் பாக்கச் சொல்லுங்க, சரியாகுற வரைக்கும் அந்தப் பாயின்ட்ல போட வேண்டாம்.

போரூர்_பிரியன்:
இதுல விண்டோஸ் எப்போ போடறது? பென்டிரைவ் சொருகிட்டுதான் ஆன் பண்ணணுமா?

அண்ணாநகர்_அகிலா:
வேண்டாம் தம்பி, முதல்ல பயாஸ் வரட்டும். பென்டிரைவ் எல்லாம் கேபினட் மூடுனப்புறம் நிதானமா.

பெரிய_கூலர்_கட்சி:
அண்ணே ஒரு இடத்துல ஒத்துக்க மாட்டேன். டவர் கூலர் வாங்கினவங்க அதை வெளிய மாட்டிட்டு போர்டை உள்ள இறக்கினா மேல் மூலை ஸ்க்ரூவுக்கும் அந்த 8 பின்னுக்கும் கையே போகாது. ஒரு கிலோ பக்கம் எடை வேற, போர்டு ஆடும். டெஸ்ட்டை முடிச்சுட்டு கூலரைக் கழட்டி, போர்டு வச்சப்புறம் திரும்ப மாட்டறதுதான் என் வழி.

மவுண்ட்ரோடு_மெக்கானிக்:
கழட்டினா பழைய பேஸ்ட் முழுசா துடைச்சுட்டு புதுசு போடணும். அதுவும் ரைசன் பழைய ஏஎம்4 சாக்கெட்ல கூலரோட பிராக்கெட்டைக் கழட்டினா பின்பக்கத் தகடு கழண்டு விழும், உள்ள வச்சு அதைப் பிடிக்கறது பெரும்பாடு. நான் டவரோடயே இறக்குவேன், நீட்டமான ஸ்க்ரூடிரைவர் இருந்தா மூலை ஸ்க்ரூ எட்டும்.

பெரிய_கூலர்_கட்சி:
இப்ப வர்ற கேபினட்ல போர்டுக்குப் பின்னாடி பெரிய ஓட்டை இருக்கே அண்ணே, தகடை அது வழியா பிடிச்சுக்கலாம். நான் என் வழிலயே போறேன்.

பெரம்பூர்_கேமர்:
என்னோடதைக் கொஞ்சம் பாருங்க ப்ளீஸ். 12400எஃப், கார்டு போட்டாச்சு, எல்லா ஃபேனும் சுத்துது, டிஸ்ப்ளே வரலை. கார்டுக்கு 8 பின் கேபிள் இறுக்கமா இருந்துச்சு, கொஞ்சம் தள்ளித்தான் சொருகினேன். எச்டிஎம்ஐ மேல இருக்குற ஓட்டைல.

மவுண்ட்ரோடு_மெக்கானிக்:
முதல்ல ஆஃப் பண்ணி, சுவத்து ஸ்விட்சையும் ஆஃப் பண்ணுங்க. அந்த 8 பின்னை உருவிப் பாருங்க. ப்ராசஸர் கேபிள் 4, 4ஆ பிரியும், கார்டு கேபிள் 6, 2ஆ பிரியும், பெரும்பாலும் தலைலயே பேர் அச்சடிச்சிருக்கும். ரெண்டும் ஒரே மாதிரி தெரிஞ்சாலும் 12 வோல்ட்டும் எர்த்தும் உள்ள இடம் மாறியிருக்கும். இறுக்குதுன்னா தப்பு கேபிள்னு அர்த்தம், தள்ளவே கூடாது. சரியான கேபிள் கிளிப் சத்தத்தோட தானா உட்காரும். அப்புறம் மேல இருக்குற ஓட்டை போர்டோடது, உங்களுது எஃப், அதுல படம் வராது. கார்டோட ஓட்டைக்கு மாத்துங்க.

பெரம்பூர்_கேமர்:
நன்றிண்ணா!! நீங்க சொன்ன மாதிரி 4, 4 கேபிளைத்தான் கார்டுல திணிச்சிருக்கேன், ஆனா பாதிதான் போயிருக்கு. சரியானதை மாட்டி எச்டிஎம்ஐ மாத்தினேன், டிஸ்ப்ளே வந்துடுச்சு. ஆனா இப்ப ஸ்க்ரீன்ல `CPU Fan Error` வருது, எஃப்1 அழுத்தச் சொல்லுது. ஆனா ஃபேன் சுத்துதே?

அண்ணாநகர்_அகிலா:
கார்டு தப்பிச்சுதே, பெரிய விஷயம். கூலர் வயரை கேபினட் ஃபேனுக்கான பின்ல போட்டிருப்பீங்க. சுத்தும், ஆனா போர்டு தேடற இடத்துல சுத்துற கணக்கு வராது. ஆஃப் பண்ணிட்டு சாக்கெட்டுக்கு மேல சிபியு ஃபேன்னு எழுதியிருக்குற 4 பின்னுக்கு மாத்துங்க. எஃப்1 தட்டித் தட்டி ஓட்டாதீங்க. அப்படியே போர்டு பின்பக்கம் அந்த 4 காலும் வந்திருக்கான்னு கேபினட் ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க, பயாஸ்ல டெம்பரேச்சர் எவ்வளவு காட்டுதுன்னும் போடுங்க.