பட்டன் விட்டிருந்தாலும் பின் 0, 1ன்னு மாறி மாறி வருது, உதவி பண்ணுங்க

ATmega328P, 5 வோல்ட். PD2ல இருந்து ஒரு புஷ் பட்டன், அதோட மறுபக்கம் கிரவுண்ட். PD5ல எல்இடி. அமுக்கினா எல்இடி அணையுது, விட்டா எரிஞ்சுட்டே இருக்கணும், ஆனா தாறுமாறா மினுக்குது, வயர்கிட்ட கைய கொண்டு போனா இன்னும் மோசம். மீட்டர் வெச்சு பாக்கலாம்னா வெச்ச உடனே மினுக்குறது நின்னு எல்இடி அணைஞ்சே கெடக்கு, ரெண்டு நாளா மண்டை காயுது.

```c
DDRD |= (1 << PD5);
while (1) {
  if (PIND & (1 << PD2)) PORTD = (1 << PD5);
  else PORTD = 0;
}
```

பதில் 1: பட்டன் பவுன்ஸ்தான். 20 மில்லிசெகண்ட் டிலே போடுங்க.

பதில் 2: பவுன்ஸ் அமுக்கும்போதும் விடும்போதும்தான் வரும், இவருக்கு சும்மா இருக்கும்போதே மினுக்குதே. பின்னுல இருந்து கிரவுண்டுக்கு 10கே போடுங்க ப்ரோ, நான் எப்பவும் அப்படித்தான்.

பதில் 3: பட்டனே கிரவுண்டுக்குத்தான் போகுது, ரெசிஸ்டரும் அங்கேயே போனா அமுக்கினாலும் விட்டாலும் 0தான். பட்டன் 5 வோல்ட்டுக்கு போனா நீங்க சொல்றது சரி.

தம்பி, பட்டன விட்டதும் அந்த பின் எதோடயும் சேராம அந்தரத்துல நிக்குது. உள்ள மாஸ்ஃபெட் கேட், கரண்ட்டே இழுக்காதுன்னு சொல்லலாம், அதனால உங்க கையில இருந்து வர 50 ஹெர்ட்ஸ் இரைச்சலே வோல்டேஜ ஏத்தி இறக்கிடும். மீட்டரோட 10 மெகா ஓம் அந்த பின்ன கிரவுண்டுக்கு இழுத்துடுச்சு, அதான் வெச்சதும் அடங்கிடுச்சு. 5 வோல்ட்டுக்கு ஒரு ரெசிஸ்டர் இருந்தா பட்டன் விட்டிருக்கும்போது பின் 1லயே நிக்கும், அமுக்கினா 0. சிப்புக்குள்ளயே 20ல இருந்து 50 கிலோ ஓம் வரைக்கும் ஒண்ணு இருக்கு, லூப்புக்கு முன்னாடி `PORTD |= (1 << PD2);` போட்டா ஆன் ஆயிடும்.

கேட்டவர்: போட்டேன் அண்ணா, அதேதான் இன்னும் மினுக்குது!

பதில் 3: லூப்புக்குள்ள `PORTD =`னு எழுதியிருக்கீங்களே, அது எட்டு பிட்டையும் மாத்திடும், எல்இடிய போட்டாலும் அணைச்சாலும் PD2 பிட் 0 ஆகி புல்-அப் போயிடுது. நான் இத முதல்லயே பாத்திருக்கணும், மன்னிச்சுக்கோங்க.

```c
if (PIND & (1 << PD2)) PORTD |= (1 << PD5);
else PORTD &= ~(1 << PD5);
```

கேட்டவர்: வந்துடுச்சு!! கைய வெச்சாலும் அசையல, ரொம்ப நன்றி அண்ணா. அமுக்கும்போது எரியணும்னா அந்த இஃப்ல `!` போட்டா போதும்தானே?

பதில் 3: ஆமா, ஆனா `!(PIND & (1 << PD2))`ன்னு பிராக்கெட்டுக்கு வெளிய போடுங்க.

பதில் 4: எனக்கும் இதே தொல்லை, ஆனா சுவிட்ச் 4 மீட்டர் தள்ளி மோட்டார் பக்கத்துல. உள்ள இருக்கிற புல்-அப் ஆன்ல இருந்தும் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது அமுக்கின மாதிரி காட்டுது.

பதில் 3: அவ்ளோ நீள வயருக்கு அது பலவீனம். வெளிய 4.7கே போடுங்க, பின்கிட்ட கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோ கப்பாசிட்டர்.

பதில் 4: 4.7கே போட்டதும் குறைஞ்சிருக்கு, ஆனா பத்து தடவைக்கு ஒரு தடவை இன்னும் வருது. கப்பாசிட்டர் நாளைக்குத்தான் கிடைக்கும், அதுக்கும் அடங்கலன்னா ஆப்டோகப்ளர் வேணுமா?